கவிதா, இனி நீ சி.ஏ. கவிதா!

கவிதா, வாழ்த்துகள் டி! ரிசல்ட் பார்த்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சி.ஏ. ஃபைனல், அதுவும் இரண்டு குரூப்பும் ஒரே மூச்சில்! அம்மாவிடம் சொன்னேன், உடனே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

போன முறை மூன்று தாளிலும் 40-க்கு மேல் எடுத்தும் மொத்தம் 150 வராததால் அந்த குரூப் போயிற்றே, அன்று நீ போனில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மறுநாளே புத்தகத்தை எடுத்துவிட்டாய். என்னால் அது முடிந்திருக்காது, உண்மையாகவே சொல்கிறேன்.

ஆர்ட்டிகிள்ஷிப் நாட்கள் நினைவிருக்கிறதா? செப்டம்பர் மாத டேக்ஸ் ஆடிட் நெருக்கடியில் இரவு பத்து மணிக்கு ஆபீஸை விட்டு வந்து, சாப்பிட்ட கையோடு கன்சாலிடேஷன் கணக்கைப் போட உட்காருவாய். ஜி.எஸ்.டி. புத்தகத்தில் நீ ஒட்டியிருந்த மஞ்சள், பச்சை ஸ்டிக்கர்களில் பாதி கிழிந்தே போயிருந்தது. அத்தனை தடவை புரட்டியிருக்கிறாய். அப்புறம், அப்பா தினமும் அந்த நேரத்துக்கு பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டரோடு காத்திருப்பாரே, அவருக்கும் என் வாழ்த்தைச் சொல். இதில் அவருக்கும் பங்கு உண்டு.

சரி, வேலை, மெம்பர்ஷிப் எல்லாம் அடுத்த வாரம் யோசிக்கலாம். முதலில் நன்றாகத் தூங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், உனக்குப் பிடித்த நெய் மைசூர்பாகோடு. அத்தையிடம் சொல்லிவை, மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்!

அன்புடன்,
மீனா