வலக்கதவு

அண்ணன் மளிகைக் கடையிலிருந்து மின்தராசு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். வளவில் தூணோரமாக ஒரு பழைய வேட்டி விரித்து, அதன்மேல் தராசு. பக்கத்தில் ஐயா காலத்துக் கணக்கு நோட்டு.

"எதுக்குண்ணே தராசு?"

"பங்குன்னா நிறுத்துப் பிரிக்கணும்ப்பா. நாளைக்கு உன் பிள்ளை ஒண்ணு சொல்லக் கூடாது, என் பிள்ளை ஒண்ணு சொல்லக் கூடாது."

போன மழையில் மூன்றாங்கட்டு ஓடு இறங்கிவிட்டது. பள்ளத்தூர் வீட்டை இனிமேல் தாங்க முடியாது என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டோம். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்காரருக்கு. முன்பணம் வாங்கியாயிற்று. கதவில் இருக்கிற பித்தளையும் நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமி பலகையும் மட்டும் கொடுப்பதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். கடைக்காரர் முகம் சுருங்கியது. அதுகளுக்காகத்தானே அவர் வந்ததே.

ஆசாரி காலையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கஜலட்சுமி அண்ணனுக்கு, காரைக்குடியில் பார்த்திருக்கும் வாடகை வீட்டுச் சாமி அறைக்கு. அதில் பேச்சே இல்லை. குமிழ்கள் 48, ஆளுக்கு 24. சங்கிலியும் நாதாங்கியும் அண்ணனுக்கு. ஒரு முழச் சாவியோடு பெரிய பூட்டு எனக்கு. சென்னையில் ஆறாவது மாடியில் அதை எங்கே வைப்பேன் என்று என் மனைவி கேட்கப் போகிறாள்.

கடைசியாக யாளி முகங்கள் இரண்டு. வாயில் வளையத்தைக் கவ்விக்கொண்டிருப்பவை. நோட்டில் ஐயாவின் கையெழுத்து தெளிவாக இருந்தது: முகப்புக் கதவு யாளி வளையம் 2, ஒன்றுக்கு 120 தோலா.

நான் கைபேசியில் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம்.

இடக்கதவு யாளி 1,392 காட்டியது. வலக்கதவு யாளி 1,334.

திரும்ப வைத்தேன். 1,334.

அண்ணன் எதுவும் பேசவில்லை. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருசம் நான் ஊரில் இல்லை. கடைக்காரர்கள் வீடு வீடாக வந்து போகிற ஊர். பழசை வாங்கிக்கொண்டு அதே மாதிரி புதுசு வார்த்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது. ஓடியதோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டும் ஒரே எடைன்னுல்ல எழுதியிருக்கு?" என்றேன்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணமிண்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்ச்சது நான்தான் தம்பி. குறையுதுன்னா என் கையையும் சேர்த்து நிறுத்துக்குங்க."

ஆசாரி சிரித்துவிட்டார். பிறகு, வீட்டு விசயம் என்று நினைத்தாரோ என்னவோ, உளியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "வலக்கதவுதானேய்யா தினம் திறக்கிறது. எடக்கதவு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தானே."

இரண்டையும் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது யாளிக்குப் பல்லை எண்ணலாம். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனி. வலதுக்கு மூக்கே இல்லை. சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி மழுங்கியிருந்தது. வளையத்தின் அடிப்பக்கம் விரல் படுகிற இடத்தில் மெலிந்து போயிருந்தது. இடக்கதவு திறந்து நான் பார்த்தது நாலைந்து தடவைதான். கடைசியாக அப்பச்சிக்கு. அன்றைக்கும் சாயங்கால வண்டிக்கு நான் கிளம்பிவிட்டேன்.

"அண்ணே, நல்லா இருக்கிறதை நீங்க எடுத்துக்கங்க," என்றேன். மழுங்கியதைத்தான் கேட்பார், இத்தனை வருசம் பிடித்த கையாயிற்றே என்று நினைத்துக்கொண்டு, பெருந்தன்மையாகச் சொன்னதுதான்.

"சரி," என்றார் உடனே. இடது யாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த வலதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சுப்பா. நீ கொண்டு போ."

நோட்டில் தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். 58 கிராமுக்கு ஈடாக ஒரு குமிழைக் கூட எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். விடவில்லை. என் பைக்குள் 25 குமிழ்.

மறுநாள் விடிகாலை பல்லவன் எக்ஸ்பிரஸ். ஆட்டோ வந்து நின்றது. ஸ்டேசன் வரைக்கும் வருகிறேன் என்று அண்ணனும் கிளம்பினார். வாசலில் இறங்கித் திரும்பி, பார்க்காமலே வலது கையை நீட்டினார். கை அந்தரத்தில் நின்றது. பிறகு துளைக்குள் இரண்டு விரலை விட்டு, கதவை இழுத்துச் சாத்தினார்.