ஜனவரி 2026 முதல் மெயின்டனன்ஸ் பணம் கட்ட ஒரே பக்கம்: அனைத்து வீடுகளுக்கும் அறிவிப்பு

குடியிருப்போர் நலச் சங்கச் செயற்குழு, தண்டையார்பேட்டை
18 டிசம்பர் 2025

ஏ, பி, சி மூன்று பிளாக்கிலும் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு, 14-ஆம் தேதி நடந்த பொதுக்குழுவில் பேசி முடிவெடுத்ததுதான் இது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் நிறைய பேர் என்பதால் முழுசாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருக்கும், தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

வரும் ஜனவரியிலிருந்து மாத மெயின்டனன்ஸ் முழுவதும் ஒரே ஒரு கட்டணப் பக்கம் வழியாகத்தான் வரும். அதன் லிங்க் நம் மூன்று பிளாக் வாட்ஸ்அப் குழுக்களிலும் மேலே பின் செய்யப்பட்டிருக்கிறது, க்யூஆர் கோடாக ஒவ்வொரு லிஃப்ட் பக்கத்திலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறோம். பழைய பொருளாளரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்வது, வாட்ச்மேன் கையில் கவரில் போட்டுக் கொடுப்பது, பேங்க் அக்கவுண்டுக்கு நேராக அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுவது, எல்லாம் டிசம்பர் 31-ஓடு முடிகிறது.

ஏன் இந்த மாற்றம் என்று சொல்லிவிடுகிறோம். நம்மிடம் 48 வீடு. போன மாதம் பணம் நாலு வழியில் வந்தது. பேங்க் ஸ்டேட்மெண்டில் 7 வரவு யாருடையது என்றே தெரியவில்லை, ஏனென்றால் அனுப்பியவர் பெயர் வீட்டுச் சொந்தக்காரர் பெயரும் இல்லை, குடியிருப்பவர் பெயரும் இல்லை, வெளியூரில் இருக்கும் மகனோ மருமகனோ அனுப்பியிருப்பார். பொருளாளர் ராத்திரி பதினோரு மணி வரை நோட்டையும் போனையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தும் முடியவில்லை. அதன் விளைவு என்ன ஆனது என்றால், ஏ பிளாக்கில் ஒரு அம்மா, 3-ஆம் தேதியே பணம் கட்டியவர், அவரை லிஃப்ட் வாசலில் நாலு பேர் முன்னால் "இந்த மாசம் இன்னும் வரலையேம்மா" என்று எங்கள் குழுவைச் சேர்ந்தவரே கேட்டுவிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே போய், பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டினார். அன்றைக்கே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், இங்கேயும் கேட்கிறோம். பணம் கட்டிய ஒருவரை இன்னொரு முறை கேட்கிற நிலைமை இந்தக் கட்டடத்தில் இனிமேல் வரவே கூடாது. இந்தப் பக்கத்தைக் கொண்டுவந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், பணம் தேதிக்கு வந்தால்தான் வேலை நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்து மோட்டார் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது கையிருப்பு எவ்வளவு என்று உடனே சொல்லக்கூட யாராலும் முடியவில்லை, சம்ப் கழுவவும் மோட்டார் மாற்றவும் ஆளாளுக்குக் கைக்காசு போட்டோம். போர் தண்ணீர் உப்பு, மெட்ரோ வாட்டர் லாரி இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது என்கிற இடத்தில் இருந்துகொண்டு, கணக்கு இப்படி இருந்தால் சரிப்படாது.

தொகையில் மாற்றம் இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2,200 ரூபாய், 36 வீடு. மூன்று படுக்கையறை வீட்டுக்கு 2,800 ரூபாய், 12 வீடு. மொத்தம் மாதம் 1,12,800 ரூபாய். இதில் செக்யூரிட்டிக்கு 38,000, துப்புரவுக்கு 14,000, பொது கரண்ட் பில் சுமார் 16,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 9,000, லாரித் தண்ணீருக்கு சுமார் 18,000, ஆக 95,000 போகிறது. மீதி 17,800 அவசர நிதியில் சேர வேண்டும். சேர வேண்டும் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் 8 வீடு தாமதமானாலே அந்த மீதி கிட்டத்தட்ட முழுக்கக் காணாமல் போய்விடும்.

கூட்டத்தில் ஒருவர் ஜிஎஸ்டி சேருமா என்று கேட்டார். சேராது. ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வரும். நாம் இரண்டிலும் கீழே இருக்கிறோம்.

சரி, எப்படிக் கட்டுவது? லிங்கைத் திறந்தால் மேலே வலது மூலையில் "தமிழ்" என்று இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் தமிழில் வந்துவிடும். பிளாக், வீட்டு எண் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சங்கத்தில் நீங்கள் பதிவு செய்திருக்கும் மொபைலுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால் உங்கள் வீட்டின் கணக்கு திறக்கும்: இந்த மாதத் தொகை, பழைய பாக்கி இருந்தால் அது, இதுவரை கட்டிய ரசீதுகள். "செலுத்து" என்பதைத் தொட்டு, உங்களிடம் இருக்கும் எந்த யுபிஐ ஆப்பிலிருந்தும் கட்டலாம், டெபிட் கார்டு, நெட் பேங்கிங்கும் உண்டு. பேங்க் அக்கவுண்டிலிருந்து யுபிஐயில் கட்டினால் கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் பிடிக்காது. கிரெடிட் கார்டில் கட்டணம் உண்டு, எவ்வளவு என்பது பணம் போகும் முன்பே திரையில் தெரியும், அது உங்கள் பொறுப்பு. எங்களைக் கேட்டால் யுபிஐ போதும்.

பணம் போனதும் ரசீது எண்ணோடு எஸ்எம்எஸ் வரும். ஸ்கிரீன்ஷாட் குழுவில் போட வேண்டாம். யார் போனிலிருந்து, யார் அக்கவுண்டிலிருந்து வந்தாலும் வீட்டு எண்ணின் பேரில்தான் வரவாகும், அதனால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் இதே லிங்கில் கட்டலாம், ஓடிபியை மட்டும் வீட்டில் இருப்பவர் போனில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இல்லையென்றால் அவர்கள் நம்பரையும் இரண்டாவது நம்பராகப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதுதான் நல்லது.

மாதா மாதம் மறந்துவிடும் என்பவர்கள் யுபிஐ ஆட்டோபே போட்டுக்கொள்ளலாம். முதல் தடவை மட்டும் பின் போட்டால் போதும், அப்புறம் ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் வரும். வேண்டாம் என்றால் உங்கள் ஆப்பிலேயே எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. இது கட்டாயம் இல்லை.

பணம் அக்கவுண்டிலிருந்து போய்விட்டது, ஆனால் பக்கம் "பாக்கி" என்றே காட்டுகிறது என்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உங்கள் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும், அதைப் பொருளாளருக்கு அனுப்புங்கள். பணம் சங்கத்துக்கு வந்து சேராத பட்சத்தில் ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் அது தானாக உங்கள் அக்கவுண்டுக்குத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் போனால் பேங்க் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். அந்த நாட்களுக்கு உங்களிடம் தாமதக் கட்டணம் வாங்க மாட்டோம்.

கடைசித் தேதி ஒவ்வொரு மாதமும் 10. தாண்டினால் 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஜனவரியில் மட்டும் பொங்கல் செலவு இருக்கும், பக்கமும் புதுசு என்பதால் 20-ஆம் தேதி வரை விட்டிருக்கிறோம். நம்மில் சில குடும்பங்கள் கடலை நம்பி இருப்பவை, காசிமேட்டில் படகு போகாத வாரங்களில் கையில் காசு இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் "பகுதித் தொகை" என்று ஒரு வசதி இருக்கிறது, 500 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று தவணையாகக் கட்டலாம். 10-ஆம் தேதிக்கு முன் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது, காரணம் கேட்க மாட்டோம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் பெரியவர்களும் கவலைப்பட வேண்டாம். பணமாகவே கொடுக்கலாம், ஆனால் சங்க அறையில் மட்டும், சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை. உங்கள் முன்னாலேயே அதே பக்கத்தில் ஏற்றி, ரசீது எண்ணை எழுதிக் கையில் தருவோம். அந்த எண் இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், செயற்குழு ஆளாகவே இருந்தாலும். வாட்ச்மேன் அண்ணனிடம் இனிமேல் கொடுக்கவே வேண்டாம். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, இத்தனை வருடமாக ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து தந்தவர். அவர் தலையில் அந்தப் பாரம் வேண்டாம் என்றுதான்.

வாடகை வீடுகளில் யார் கட்டுவது என்பது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள பேச்சு, அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் இருவர் நம்பரையும் பதிவு செய்தால் இருவருக்குமே ரசீது போகும், காலி செய்யும்போது பாக்கி யாருடையது என்ற சண்டை வராது.

முக்கியமாக ஒன்று. சங்கத்திலிருந்து பேசுகிறோம் என்று யாராவது போன் செய்து ஓடிபி கேட்டாலோ, "கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள், திருப்பி அனுப்புகிறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்றாலோ வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். கட்டும்போது திரையில் பெறுபவர் இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுவது கடைகளில் நடக்கிறது, கண்ணாடிக்குள் மாட்டியதற்குக் காரணம் அதுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பழக்கத்தை நிறுத்துகிறோம். உங்கள் கணக்கு உங்களுக்கு மட்டும் தெரியும். சங்கத்தின் மொத்த வரவு செலவு, பில்களோடு, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி அதே பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏறும். ஏதாவது ஒரு பில் சரியாகத் தோன்றவில்லை என்றால் கேளுங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

டிசம்பர் 27 சனி, 28 ஞாயிறு இரண்டு நாளும் மாலை 5 மணிக்குச் சங்க அறையில் கட்டிக் காட்டுகிறோம். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். பதிவில் இருக்கும் நம்பர் மாறியிருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள், 11 வீட்டுக்கு இன்னும் பழைய நம்பர்தான் இருக்கிறது, அதை மாற்றாமல் ஓடிபி வராது.

செயலாளர், பொருளாளர்
செயற்குழு சார்பில்