அப்பாவின் திதி குறித்துச் சித்தப்பா எழுதிய கடிதம்

திருநெல்வேலி,
கார்த்திகை 9

அன்புள்ள முருகேசனுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அப்பா காலமான ஆங்கிலத் தேதியிலேயே டொரண்டோவில் திதி கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தத் தேதியில் கொடுப்பது வழக்கமில்லை. அண்ணன் மறைந்தது மார்கழித் தேய்பிறை நவமி. ஆண்டுதோறும் மார்கழியில் அந்தத் திதி வரும் நாளே அவருக்குரிய நாள். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாட்களே ஆவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே நண்பகலாகும்போது உனக்கு நள்ளிரவு கடந்திருக்கும் என்பதால், எங்கள் நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்காதே. டொரண்டோவுக்குக் கணித்த பஞ்சாங்கத்தில், அங்கே பிற்பகலில் நவமி நிற்கும் நாளை அவ்வூர்க் கோயில் குருக்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்.

சென்ற ஆண்டு குறுக்குத்துறையில் ஐயர் சொல்லச் சொல்ல நீ செய்ததுதான் இம்முறையும். குளித்து, சடங்கு முடியும்வரை உண்ணாமல், தெற்கு நோக்கி அமர்ந்து, தர்ப்பையின்மேல் கறுப்பு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். தண்ணீர் விரல் நுனி வழியாக விழக்கூடாது. வலக்கையைச் சற்றே சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கவிடு. அப்பா சுப்பிரமணியன், தாத்தா சண்முகம், பூட்டனார் ஆறுமுகம் என்று மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பெயர்கள்தான். பூட்டனாரை நானே பார்த்ததில்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை உன் தாத்தா வாய்விட்டு அழைத்ததைக் கேட்டுத்தான் அவர் எனக்கு உறவானார். ஆகவே உன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவன் காதில் விழும்படி சொல்.

சமையலில் வெங்காயம், பூண்டு வேண்டாம். வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காக மனம் வருந்தாதே, சோறும் பருப்பும் எள்ளும் இருந்தாலே போதும். வாசலில் கோலம் போடுவதைச் சடங்கு முடியும்வரை தள்ளிவைக்கச் சொல். படத்தின் முன் படைத்த பிறகு முதல் பிடியைக் காக்கைக்கு வை. மார்கழிக் குளிரில் காக்கை வராமல் போனால், வேறு எந்தப் பறவை வந்து உண்டாலும் அண்ணனுக்குச் சேரும் என்றே நான் நம்புகிறேன். பிறகு பசித்த ஒருவருக்காவது உணவளித்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.

இதைத் தவிர, ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளில் முன்னோர் அனைவருக்குமாக எள்ளும் தண்ணீரும் விட்டு வா. எள்ளும் தர்ப்பையும் அங்கே கிடைக்காதென்றால் உடனே எழுது. மார்கழி பிறப்பதற்குள் வந்து சேரும்படி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா