பதறாம முழுசா படிங்கடி

கவி, ஷாகி, ஜெனி, பவா, நாலு பேருக்கும் சேத்து இங்கயே எழுதிடறேன், தனித்தனியா போன் பண்ணா நாலு வாட்டி அழணும், அதுக்கு தெம்பு இல்ல. ரெண்டு மாசமா சரியா பேசல, வேலை அதிகம்னு சொல்லி குற்றாலம் வரலன்னேன்ல, அது பொய். எனக்கு ஃபிட்ஸ் வந்துச்சு. மொத தடவ ஆபீஸ்ல ரிலீஸுக்காக ரெண்டு நைட் தூங்காம இருந்துட்டு காலைல பல்லு விளக்கிட்டு இருந்தப்ப விழுந்துட்டேன், நாக்க கடிச்சு ரத்தம், எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, ரூம்மேட் சொல்லித்தான் தெரியும். மூணு வாரம் கழிச்சு ஆபீஸ் கேன்டீன்ல திரும்பவும். ஒரு நாளுக்கு மேல இடைவெளில காரணமே இல்லாம ரெண்டு தடவ வந்தா எபிலெப்சினு எடுத்துக்குவாங்களாம். எம்ஆர்ஐல ஒண்ணும் இல்ல, ஈஈஜில தெரிஞ்சுது. (அந்த ஈஈஜி பேஸ்ட் முடியில இருந்து போக மூணு ஷாம்பூ ஆச்சு, நோய விட அதுதான் கடுப்பு.)

லெவெடிராசிடம் 500, காலைலயும் ராத்திரியும் எட்டு மணிக்கு. பத்து பேருல ஏழு பேருக்கு மாத்திரைலயே கட்டுப்படுமாம், அப்படி ரெண்டு வருஷமாவது வராம இருந்தா நிறுத்தலாமான்னு பாப்பாங்களாம். இந்த மாத்திரைக்கு கோவம் வரும்னு டாக்டரே சொன்னாங்க, போன வாரம் ஷாகிகிட்ட எரிஞ்சு விழுந்தது பாதி மாத்திரை, பாதி நான்தான், சாரி டி.

இப்ப முக்கியமானது. உங்க முன்னாடி வந்துச்சுன்னா கூட்டத்த தள்ளி நிக்க சொல்லுங்க, கண்ணாடி கழட்டிடுங்க, தலைக்கு அடியில துப்பட்டா எதாவது மடிச்சு வைங்க, மணி பாத்துக்கோங்க, கை கால புடிச்சு அமுக்காதீங்க, உதறல் நின்னதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க. வாயில ஸ்பூன், துணி எதையும் வைக்க வேணாம், நாக்கு உள்ள போய்டும்னு சொல்றதெல்லாம் கத, பல்லுதான் உடையும். சாவிக்கொத்து கேன்டீன்லயே என் கையில திணிச்சிட்டாங்க! இரும்புக்கு ஒரு சக்தியும் இல்ல, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவா நின்னுடும், சாவி தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நின்னுடறதால சாவிக்கு நல்ல பேர் கெடச்சிடுது, அவ்ளோதான். முழுசா தெளியற வரைக்கும் தண்ணி கூட வேணாம். அஞ்சு நிமிஷம் தாண்டுனா, இல்ல தெளியாமயே அடுத்தது வந்தா, இல்ல அடி பட்டிருந்தா 108. முழிச்சதும் கொஞ்ச நேரம் லூசு மாதிரி பேசுவேன், பக்கத்துல உக்காந்து "ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்"னு சொன்னா போதும். வீடியோ யாராவது எடுத்தா போன புடுங்கிடுங்க, டாக்டருக்கு காட்ட ஜெனி மட்டும் எடுக்கலாம்.

மத்தபடி நீங்க எனக்கு பண்ணணும்னா இதுதான். ஸ்கூட்டிய இப்போதைக்கு தொடக்கூடாது, அதனால எங்கயாவது போகும்போது யாராவது ஏத்திட்டு போங்க, நான் கேக்க கூச்சப்படுவேன்னு தெரியும்ல, நீங்களே கேளுங்க. அடுத்த மாசம் ரிவ்யூக்கு கவி கூட வந்தா நல்லா இருக்கும், டாக்டர் சொல்றதுல பாதி என் மண்டைல ஏறல. பவா, உன் வீட்ல தங்கும்போது பாத்ரூம் தாழ்ப்பாள் போடமாட்டேன், ஆச்சரியப்படாத.

தினமும் "மாத்திரை போட்டியா"ன்னு கேக்காதீங்க, எங்கம்மா ஒரு ஆளே போதும், அலாரமும் வெச்சிருக்கேன். யாரோட சித்தப்பாவுக்கோ எந்த ஊர்லயோ மந்திரிச்சு சரியாச்சுன்னு ஃபார்வர்ட் வேணாம், ஜெனி உன்னத்தான் சொல்றேன். வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க, வெக்கம் இல்ல, எங்கம்மா வரன் பாக்கறாங்க, ஊருக்குள்ள பரவுறதுக்கு முன்னாடி மாப்பிள வீட்ல நானே சொல்லணும்னு இருக்கேன். அம்மா மறைச்சிடலாம்னு சொல்றாங்க. கல்யாணத்துக்கு தடைன்னு இருந்த வலிப்ப 1999லயே இந்து திருமண சட்டத்துல இருந்து தூக்கிட்டாங்க, எங்க வீட்டு ஹால்ல மட்டும் இன்னும் தூக்கல. அதப் பத்தி தனியா சண்டை ஓடிட்டு இருக்கு, அப்புறம் சொல்றேன்.

சனிக்கிழமை ஷாகி வீட்டு பிரியாணிக்கு கண்டிப்பா வரேன். ராத்திரி முழிக்கக்கூடாது, பத்து மணிக்கு கெளம்பிடுவேன், "இன்னும் அரை மணி நேரம்"னு யாரும் கெஞ்சக்கூடாது. யார் ட்ராப் பண்றீங்க?