நவம்பர் பிக்-அப்: யார், எந்த நாள்

எல்லோருக்கும் வணக்கம், கவின் அம்மா எழுதுகிறேன். 3ஆம் தேதி திங்கள் முதல் இதுதான் முறை. பள்ளி விடுவது 3:10. வண்டி 3 மணிக்கே பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் ஓரம் நிற்கட்டும். கேட் முன்னால் நிறுத்தினால் டிராஃபிக் போலீஸ் விரட்டுகிறார்.

திங்கள் – நான்
செவ்வாய் – யாழினி அம்மா
புதன் – ரித்விக் அப்பா
வியாழன் – இன்பா அம்மா
வெள்ளி – சுற்று: 7 நான், 14 ரித்விக் அப்பா, 21 இன்பா அம்மா, 28 யாழினி அம்மா

14ஆம் தேதி குழந்தைகள் தினம், 12:30க்கே விடுகிறார்கள். ரித்விக் அப்பா, அன்று மீட்டிங் வைத்துவிடாதீர்கள்.

இப்போதே ஒரு மாற்றம்: 11 செவ்வாய் யாழினி அம்மாவுக்கு ஆபீசில் ஆடிட். அன்று இன்பா அம்மா போகிறார், பதிலுக்கு 13 வியாழன் யாழினி அம்மா.

நாள் மாற்ற வேண்டுமென்றால் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் இங்கேயே கேளுங்கள், தனியாகப் போன் பண்ணி முடிக்க வேண்டாம். எதிராளி "சரி" என்று எழுதும்வரை அது உங்கள் நாள்தான். கட்டைவிரல் போட்டால் கணக்கில்லை. போன மாதம் அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. நாலு பிள்ளைகளும் நாலு மணிவரை வாட்ச்மேன் அண்ணனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாயைப் பற்றி கவின் இன்னும் பேசுகிறான், அது வேறு.

கடைசி நேரத்தில் முடியாமல் போனால்: திங்கள், செவ்வாய் ரித்விக் தாத்தா. புதன், வியாழன் கவின் அப்பா (வீட்டிலிருந்து வேலை). வெள்ளிக்கு, அடுத்த வெள்ளி யாருடையதோ அவர். 28க்கு மட்டும் நான். 2:30க்குள் போன் போட்டுச் சொல்லுங்கள், மெசேஜ் போதாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு தாத்தா மழையில் ஓட்டுவதில்லை; மழை என்றால் அந்த இரண்டு நாளும் கவின் அப்பாவைக் கூப்பிடுங்கள், பர்மிஷன் போட்டுவிட்டு வருவார். பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றால் யாரும் சாகசம் செய்ய வேண்டாம். தாமதமானாலும் மேடவாக்கம் சுற்றி வாருங்கள், இங்கே ஒரு வரி போட்டுவிட்டு.

முன் சீட்டுச் சண்டை தீர்ப்பு: ஏழாவது படிக்கும் இன்பா மட்டும் முன்னால், பெல்ட்டோடு. மற்ற மூவரும் பின்னால். யாழினி அழுதாலும் இதேதான், மன்னிக்கவும்.

பெட்ரோல் காசு யாரும் யாருக்கும் தர வேண்டாம். ஆளுக்கு வாரம் ஒரு நாள், மாதம் ஒரு வெள்ளி என்று சரியாக வருகிறது.

ஒரு வேலை பாக்கி. தாத்தா, கவின் அப்பா இருவர் பெயரும் பிக்-அப் கார்டில் இல்லை, கேட்டில் பிள்ளைகளை விடமாட்டார்கள். கடிதம் எழுதி ஏ பிளாக் செக்யூரிட்டி மேசையில் வைத்திருக்கிறேன். நாலு வீடும் வியாழன் இரவுக்குள் கையெழுத்துப் போடுங்கள், வெள்ளி காலை ஆபீஸ் ரூமில் கொடுத்துவிடுகிறேன்.