வீட்டில் எல்லோருடைய போன், மெயில் கணக்குகள்: வருடாந்திரச் சரிபார்ப்பு (தங்கச்சிமடம் வீடு)

எப்போது: ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபின் வரும் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும். அப்பாவும் சித்தப்பாவும் கரையில் இருப்பார்கள், துபாயில் அண்ணனுக்கும் லீவு. ஜூன் 14 வரை நாள் கிடக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். வலை பொத்த உட்கார்ந்துவிட்டால் அப்பாவைப் பிடிக்க முடியாது.

டிக் போடும் முறை: "நம்பர் சரியாத்தான் இருக்கு" என்று வாயால் சொன்னால் டிக் கிடையாது. அந்த நம்பருக்கு வெளியிலிருந்து அழைத்து மணி அடிக்க வேண்டும், ஒரு எஸ்எம்எஸ் வந்து சேர வேண்டும். மீட்பு மெயிலைத் திறந்து இந்த மாதம் வந்த கடிதத்தைக் காட்ட வேண்டும். பாஸ்வேர்டு மறந்துபோன மீட்பு மெயில் இருந்தும் இல்லாததுதான்.

எல்லோருக்கும் பொது

☐ கூகுள் கணக்கில் Recovery phone, Recovery email இரண்டையும் பார். மாற்றுவதாக இருந்தால் பழைய சிம்மை உடனே தூக்கிப் போடாதே. மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய நம்பருக்கே கோட் போக வாய்ப்புண்டு.

☐ விட்டுப்போன நம்பர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றே எடு: வங்கி, வாட்ஸ்அப், ஃபேஸ்புக். ரீசார்ஜ் இல்லாமல் செத்த நம்பரைக் கம்பெனி பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். நம் ஓடிபி அவர் போனில் போய் விழும்.

☐ வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின், அதற்கான மெயில்.

☐ யாருடைய மீட்பு மெயில் யாருடையது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார். அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா என்று சுற்றி வரக்கூடாது. ஒருவர் மாட்டினால் இருவரும் மாட்டுவோம்.

பேக்கப் கோடுகள்

போன் கையில் இல்லாவிட்டாலும் கணக்கைத் திறக்க உதவும் கோடுகள் இவை. இதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். போட்டில் போகிறவர்கள் போன் உப்புத்தண்ணீரில் விழுந்தால் சிம்மும் அதோடு போய்விடும். கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருந்த கோடும் கடலில்தான். அதனால் தாளில்தான் இருக்க வேண்டும்.

☐ கூகுள் ஒரு தடவைக்கு 10 கோடு தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். பயன்படுத்தியதை அடித்துவிடு. மூன்றுக்குக் கீழே குறைந்தால் Backup codes பக்கத்தில் புதிதாக எடு. புதியது எடுத்த நொடியே பழைய தாள் முழுக்கச் செல்லாது. அதை அங்கேயே கிழித்து அடுப்பில் போடு. இரண்டு தாள் சேர்ந்து கிடந்தால் அவசரத்தில் பழையதுதான் கையில் வரும்.

☐ பால்பாயிண்ட் பேனாவால் எழுதி மேலே தேதி போடு. ஜெல் பேனா வேண்டாம். ஐப்பசி ஈரத்தில் பீரோவுக்குள்ளேயே தாள் நமுத்து மை பரவுகிறது, 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிகிறது. ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி மூடு.

☐ ஒரு கவர் பீரோ லாக்கரில். இன்னொன்றை ஒட்டி மூடிப் பரமக்குடி அத்தை வீட்டில் கொடு. புயல் எச்சரிக்கையில் நாம் வீட்டை விட்டுப் போக நேர்ந்தாலும் அங்கே பத்திரமாக இருக்கும். தாளில் பாஸ்வேர்டு எழுதக்கூடாது. கோடும் பாஸ்வேர்டும் ஒரே கவரில் இருந்தால் பூட்டோடு சாவியைக் கட்டிக் கொடுத்த மாதிரி.

ஆள்வாரியாக

☐ அப்பா, சித்தப்பா: மீட்பு நம்பராகக் கரையில் இருக்கும் போன், அதாவது அம்மாவுடையது, சித்தியுடையது. கடலுக்குப் போகும் போன் கூடாது.

☐ அம்மா: பழைய மெயில் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். அதில் குழுக் கடன் தாள்கள் இருப்பதால் அன்று ஒரு முறை திறந்து உள்ளே போய் வரவும்.

☐ அண்ணன், மதினி: வங்கி ஓடிபி இந்திய சிம்முக்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் முடியும் தேதியை வீடியோ காலில் திரையில் காட்டச் சொல். அண்ணன் ஊருக்கு வரும்போது கோடு தாளில் ஒரு நகலை மதினி கைப்பையில் வைத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பக்கூடாது.

☐ தங்கை: கல்லூரி கொடுத்த மெயிலை எங்கும் மீட்பு மெயிலாக வைக்காதே. படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.

☐ அப்பத்தா: மெயில் இல்லை, பட்டன் போன்தான். ஆனால் ஆதாரும் வங்கியும் அந்த நம்பரில்தான். ரீசார்ஜ் என் பொறுப்பு.

அன்று ஒருவர் கோடுகளை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுவோம். அது நம் வீட்டுத் திண்ணைக்கு மட்டும். போனில் அழைத்து யார் கேட்டாலும், அண்ணன் குரல் மாதிரியே இருந்தாலும், வைத்துவிட்டு அண்ணனுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்கவும்.

அடுத்த வருடம் இதை நடத்துவது தங்கை. நடுவில் யார் போனையோ சிம்மையோ மாற்றினாலும் ஏப்ரல் வரை காத்திராமல் அவளிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.