பணி வாய்ப்புக் கடிதம்: தமிழாக்கம்

கோயம்புத்தூர், 9 ஜூன் 2025

பெறுநர்: செல்வி ம. கோகிலா
பதவி: இளநிலைத் தர ஆய்வாளர், பம்பு பொருத்தும் பிரிவு

(தங்கள் பெற்றோரும் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் தந்திருக்கிறோம். தொகையும் நிபந்தனையும் மாற்றப்படவில்லை. பொருளில் ஐயம் எழுந்தால் ஆங்கிலக் கடிதமே செல்லும்.)

அன்புடையீர்,

மே மாதம் நடந்த நேர்முகத் தேர்வின் அடிப்படையில், கணபதியில் உள்ள எங்கள் ஆலையில் மேற்கண்ட பதவியைத் தங்களுக்கு அளிப்பதில் மகிழ்கிறோம். 1 ஜூலை 2025 காலை 8 மணிக்குப் பணியில் சேர வேண்டும். அன்று சேர இயலாவிட்டால், முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறாத நிலையில் இக்கடிதம் தானாகவே செல்லாததாகிவிடும்.

மாதச் சம்பளம்

| விவரம் | ரூபாய் |
|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 10,000 |
| பஞ்சப்படி | 4,000 |
| வீட்டு வாடகைப்படி | 4,000 |
| மொத்தச் சம்பளம் | 18,000 |
| பிடித்தம்: வருங்கால வைப்பு நிதி (அடிப்படை, பஞ்சப்படி மீது 12%) | 1,680 |
| பிடித்தம்: இ.எஸ்.ஐ. (மொத்தச் சம்பளத்தில் 0.75%) | 135 |
| பிடித்தம்: உணவகம் | 400 |
| கையில் கிடைப்பது | 15,785 |

தொழில் வரி மாதந்தோறும் பிடிக்கப்படாது. செப்டம்பர், மார்ச் சம்பளத்தில் அரையாண்டுக்கு 1,250 ரூபாய் பிடித்து மாநகராட்சிக்குச் செலுத்துவோம். அவ்விரு மாதங்களில் கையில் வருவது 14,535. உணவகத்தில் சாப்பிட விரும்பாதவர் முந்தைய மாதம் 25ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் 400 ரூபாய் பிடிக்கப்படாது.

மேற்கண்ட கணக்கில் சேராத இரண்டு படிகள் உண்டு. ஒரு நாளும் விடுப்பின்றி வந்த மாதத்துக்கு வருகை ஊக்கப்படி 1,000 ரூபாய். அம்மாதத்தில் அதன்மீதும் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும். இரவுப் பணி ஒவ்வொன்றுக்கும் 120 ரூபாய். மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் உண்டு.

நிறுவனம் செலுத்துவது

| விவரம் | மாதத்துக்கு ரூபாய் |
|---|---|
| வருங்கால வைப்பு நிதிப் பங்கு (12%) | 1,680 |
| வைப்பு நிதியோடு சேர்ந்த காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் (1%) | 140 |
| இ.எஸ்.ஐ. பங்கு (3.25%) | 585 |
| பணிக்கொடைக்கான ஒதுக்கீடு (4.81%) | 673 |
| போனஸ் ஒதுக்கீடு (8.33%) | 1,166 |

இவற்றை மொத்தச் சம்பளத்தோடு கூட்டினால் மாதம் 22,244 ரூபாய், ஆண்டுக்கு 2,66,928. நேர்காணலில் தங்களிடம் சொல்லப்பட்ட "சி.டி.சி." இதுதான்.

தமிழாக்கியவர் குறிப்பு: இந்த ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து அதுவே கையில் வரும் என்று எண்ணி, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து மனம் வருந்தியவர்கள் பலர். வீட்டில் கணக்குப் போடும்போது 15,785 என்ற எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் தீபாவளிக்கு முன் ஒரே தவணையாக வரும். பணிக்கொடையோ ஐந்து ஆண்டு தொடர் பணிக்குப் பிறகு விலகும்போதுதான் கிடைக்கும்.

தகுதிகாண் பருவம்

சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம், அதாவது 31 டிசம்பர் 2025 வரை தகுதிகாண் பருவம். வேலைத்திறனோ வருகையோ போதுமானதாக இல்லையெனில், காரணத்தை எழுத்தில் தெரிவித்து ஒருமுறை மட்டும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பருவம் முடிந்தாலே பணி நிரந்தரமாகிவிட்டது என்று பொருளல்ல. உறுதிப்படுத்தும் கடிதம் கைக்கு வரும்வரை தகுதிகாண் நிலையே தொடரும்.

இப்பருவத்தில் இருதரப்பில் யார் விலக்க அல்லது விலக விரும்பினாலும் 15 நாள் முன்னறிவிப்பு, அல்லது அந்நாட்களுக்கான அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தர வேண்டும். உறுதிப்படுத்திய பின் அது 30 நாளாகும். ஒழுங்கீனத்துக்காக விலக்க நேர்ந்தால் விசாரணை நடத்தியே முடிவெடுக்கப்படும்.

தகுதிகாண் பருவத்தில் மாதம் ஒரு நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்க முடியாது. சம்பளம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றில் தகுதிகாண் ஊழியருக்கும் நிரந்தர ஊழியருக்கும் வேறுபாடு இல்லை.

சேரும் நாளில்

பட்டயச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும், முன்பு வேறிடத்தில் பணியாற்றியிருந்தால் வைப்பு நிதிக் கணக்கு எண்ணையும் கொண்டுவாருங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவோம். எதையும் எங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. காப்புத்தொகை, பிணைப் பத்திரம் எதுவும் கேட்கப்படாது. அப்படி யாராவது கேட்டால் உடனே மனிதவளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இந்த நிபந்தனைகளுக்கு உடன்பட்டால், ஆங்கிலக் கடிதத்தின் நகலில் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு 20 ஜூன் 2025 மாலை 5 மணிக்குள் எங்களிடம் சேர்ப்பியுங்கள். இத்தமிழாக்கத்தில் கையொப்பம் தேவையில்லை. இது தங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மேலாளர், மனிதவளத் துறை